காந்தப்புலத்தின் ஆற்றல் அடர்த்தி: நீண்ட வரிச்சுருளில் வைத்துச் சரிபார்ப்பது எப்படி?

40 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றில் 22 கேஜ் எனாமல் கம்பியை ஒட்டி ஒட்டி 500 சுற்று சுற்றுங்கள். அதில் 2 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்போது, குழாய்க்குள் சுமார் 2 மில்லிஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். 5 கிராம் சர்க்கரையை 4 சென்டிமீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகும் வேலைதான் அது. சின்ன ஆற்றல்தான், ஆனால் அதை இரண்டு வழியில் கணக்கிடலாம். குழாய்க்குள் இருக்கும் புலத்திலிருந்து தொடங்குவது ஒன்று. கம்பியில் ஓடும் மின்னோட்டத்திலிருந்து தொடங்குவது மற்றொன்று. இரண்டும் ஒரே விடை தருகிறதா என்று பார்ப்பதுதான் நாம் செய்யப்போகும் சரிபார்ப்பு. தாளில் அது பத்து நிமிட வேலை. மீட்டரை வைத்துச் செய்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது, அங்கே நானே ஒருமுறை ஏமாந்தேன். அதையும் சொல்கிறேன்.

முதலில் சுருளை அளந்துகொள்ளுங்கள்

22 கேஜ் செம்புக் கம்பியின் விட்டம் 0.71 மி.மீ. எனாமல் பூச்சையும் சேர்த்துச் சுமார் 0.8 மி.மீ. வரும். ஆகவே 500 சுற்றுகள் ஏறத்தாழ 40 செ.மீ. நீளத்துக்குப் போகும். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கம்பி எடைக்குக் கிடைக்கும், இதற்கு 65 மீட்டர் அளவு வேண்டும். சுற்றும்போதே ஒரு காரியம் செய்துவிடுங்கள்: 250-வது சுற்றில் கம்பியை அறுக்காமல் ஒரு சின்ன வளையம் இழுத்து, எனாமலைச் சுரண்டி, டேப்பிங் எடுத்து வையுங்கள். எதற்கு என்று பின்னால் தெரியும்.

கணக்குக்கு வேண்டியவை நான்கு: சுற்றுகளின் எண்ணிக்கை N = 500, நீளம் l = 0.40 மீட்டர், மின்னோட்டம் I = 2 ஆம்பியர், அப்புறம் ஆரம் r. ஆரத்தைக் குழாயின் வெளிப்பரப்போடு நிறுத்தக்கூடாது. மின்னோட்டம் ஓடுவது கம்பிக்குள். அதனால் ஒரு பக்கத்துக் கம்பியின் மையத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக் கம்பியின் மையம் வரை எடுக்க வேண்டும். குழாய் 40 மி.மீ., இரண்டு பக்கமும் அரைக் கம்பி சேர்த்தால் விட்டம் 40.8 மி.மீ., ஆரம் 2.04 செ.மீ. 0.8 மி.மீ.க்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள்.

```
A = π r² = 3.1416 × (0.0204)² = 1.307 × 10⁻³ m²
V = A l  = 5.23 × 10⁻⁴ m³
```

அரை லிட்டருக்குச் சற்றே கூடுதலான கனஅளவு.

புலத்தின் வழியாக

நீண்ட வரிச்சுருளுக்குள் புலம் எங்கும் ஒரே அளவில் இருக்கிறது, வெளியே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். அப்போது உள்ளே இருக்கும் புலம்:

```
B = μ₀ N I / l
  = 4π × 10⁻⁷ × 500 × 2 / 0.40
  = 3.14 × 10⁻³ T
```

ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் என்பதுதான் ஆற்றல் அடர்த்தி. வெற்றிடத்திலும், நடைமுறையில் காற்றிலும் அது இப்படி:

```
u = B² / (2 μ₀)
  = (3.14 × 10⁻³)² / (2 × 4π × 10⁻⁷)
  = 3.93 J/m³
```

கனஅளவால் பெருக்கினால்:

```
W = u V = 3.93 × 5.23 × 10⁻⁴ = 2.05 × 10⁻³ J
```

2.05 மில்லிஜூல். இந்த விடையைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னோட்டத்தின் வழியாக

இப்போது புலத்தை மறந்துவிட்டு, மின்கலம் என்ன வேலை செய்தது என்று மட்டும் பார்ப்போம். மின்னோட்டத்தைச் சுழியிலிருந்து 2 ஆம்பியருக்கு உயர்த்தும்போது சுருள் எதிர்க்கிறது. மின்னோட்டம் எவ்வளவு வேகமாக உயர்கிறதோ அவ்வளவு எதிர் மின்னியக்கு விசை, அதாவது L dI/dt, சுருளில் தோன்றும்; இங்கே L என்பது சுருளின் தன் மின்தூண்டல் எண். அதை எதிர்த்து மின்னோட்டத்தைத் தள்ளுவதற்கு ஒரு நொடிக்கு ஆகும் வேலை L I dI/dt. இதைத் தொடக்கம் முதல் கடைசி வரை கூட்டினால் ½ L I² கிடைக்கும்.

அந்த அரை எங்கிருந்து வந்தது என்பதில்தான் பலருக்குக் குழப்பம். முழு 2 ஆம்பியரும் தொடக்கத்திலிருந்தே ஓடவில்லை. சுழியில் தொடங்கி 2 வரை ஏறியது, சீராக ஏறியதாக வைத்துக்கொண்டால் சராசரி 1 ஆம்பியர். அரை அதிலிருந்துதான் வருகிறது.

இனி L வேண்டும். ஒரு சுற்றின் வழியே போகும் காந்தப்பாயம் B A. அது 500 சுற்றுகளையும் கடக்கிறது, ஆகவே மொத்தப் பாய இணைப்பு N B A. அதை I ஆல் வகுத்தால் தன் மின்தூண்டல் எண்:

```
L = N B A / I = μ₀ N² A / l
  = 4π × 10⁻⁷ × 250000 × 1.307 × 10⁻³ / 0.40
  = 1.027 × 10⁻³ H

W = ½ L I² = ½ × 1.027 × 10⁻³ × 4 = 2.05 × 10⁻³ J
```

அதே 2.05 மில்லிஜூல்.

இடையே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தக் கம்பியின் மின்தடை சுமார் 2.8 ஓம். 2 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும் வரை ஒவ்வொரு நொடியும் 11 ஜூல் வெப்பமாகிக்கொண்டே இருக்கும், குழாயைத் தொட்டால் சூடு தெரியும். அந்த 11 ஜூலும் புலத்துக்குள் போவதில்லை. புலத்துக்கான 2 மில்லிஜூல் முதல் ஓரிரு மில்லிநொடிக்குள்ளேயே கொடுத்து முடிந்துவிடும். அப்புறம் மின்கலம் கொடுப்பதெல்லாம் கம்பியைச் சூடாக்குவதற்கு மட்டும்தான்.

ஒத்துப்போனதால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை

எண்களை விட்டுவிட்டு எழுத்துகளாகவே போட்டுப் பாருங்கள். I = B l / (μ₀ N) என்பதை ½ L I²-இல் வைத்தால்:

```
½ × (μ₀ N² A / l) × (B l / μ₀ N)² = (B² / 2μ₀) × A l
```

N காணாமல் போய்விட்டது, I-யும் இல்லை. மிஞ்சியது புலமும் கனஅளவும் மட்டும். கம்பியைப் பற்றிய பேச்சே இல்லாமல் ஆற்றலைச் சொல்ல முடிகிறது. ஆற்றல் கம்பியில் அல்ல, சுற்றியுள்ள புலத்தில் இருக்கிறது என்று மேக்ஸ்வெல் 1865-இல் எழுதினார். அந்தப் பார்வைக்கு நாம் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய மிக எளிய உதாரணம் இதுதான். புலம் இடத்துக்கு இடம் மாறினால், இடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் B²/2μ₀ போட்டுக் கூட்ட வேண்டும்.

ஆனால் இந்தச் சரிபார்ப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது. இரண்டு வழியிலும் ஒரே B-யைத்தான் பயன்படுத்தினோம். L-ஐக் கண்டுபிடிக்கும்போதும் அதே μ₀NI/l, அதே A. ஆகவே ஆரத்துக்குப் பதில் விட்டத்தைப் போட்டுவிட்டாலும் இரண்டு விடையும் நான்கு மடங்காகி, அப்போதும் அழகாக ஒத்துப்போகும். சுற்றுகளைத் தப்பாக எண்ணியிருந்தாலும் அதே கதை. அரையை விட்டுவிடுவது, L-இல் N²-க்குப் பதில் N போடுவது, μ₀-ஐ மேலே எழுதிவிடுவது போன்ற தவறுகள் மட்டுமே இதில் பிடிபடும். ஒரே பேனாவால் எழுதிய இரண்டு கணக்குப் புத்தகங்களை ஒப்பிடுவது மாதிரி இது. கூட்டல் சரியா என்று தெரியும், பணம் இருக்கிறதா என்று தெரியாது.

பணம் இருக்கிறதா என்று பார்க்க L-ஐ அளக்க வேண்டும்.

முனைகள் செய்யும் வேலை

அளப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் சுருள் முடிவில்லாதது அல்ல, அதற்கு இரண்டு முனைகள் உண்டு. நடு அச்சில் புலம் சூத்திரம் சொல்வதைவிட அரை விழுக்காடுதான் குறைவு. முனையில் சரியாகப் பாதியாகிவிடும். ஆற்றல் அடர்த்தி B-யின் வர்க்கம் என்பதால் அங்கே அது கால் பங்குதான். முனையிலிருந்து ஒரு ஆரம் உள்ளே, அதாவது 2 செ.மீ. தள்ளி, அச்சில் புலம் 85 விழுக்காடு, அடர்த்தி 73 விழுக்காடு. அதே 2 செ.மீ. வெளியே போனால் புலம் 15 விழுக்காடு, அடர்த்தி 2 விழுக்காடுதான். உள்ளே இழந்ததை வெளியே கசியும் புலம் ஈடுகட்டுவதில்லை. மொத்தத்தில் ஆற்றல் குறைகிறது.

எவ்வளவு குறைகிறது என்பதை ஜப்பானிய இயற்பியலாளர் நகாஒகா 1909-இல் அட்டவணையாகவே போட்டுக் கொடுத்துவிட்டார். நீளமான சுருளுக்கு அந்த அட்டவணை தேவையில்லை, ஒரு எளிய விதி போதும்: ஒவ்வொரு முனையும் சுருளின் நீளத்தில் சுமார் 0.42 r அளவைத் தின்றுவிடுகிறது. நம் சுருளில் ஒரு முனைக்கு 0.87 செ.மீ., இரண்டுக்கும் சேர்த்து 1.7 செ.மீ. 40 செ.மீ.க்கு இது சுமார் 4 விழுக்காடு. ஆகவே மீட்டர் காட்ட வேண்டியது 1.027 மில்லிஹென்றி அல்ல, ஏறத்தாழ 0.984.

மீட்டரை வைத்து அளப்பது

கையடக்க எல்சிஆர் மீட்டர் போதும். அலைவெண்ணை 1 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். 100 ஹெர்ட்ஸில் வைத்தால் 2.8 ஓம் மின்தடைக்கு முன்னால் சுருளின் மின்மறுப்பு 0.6 ஓம்தான் வரும், மீட்டர் தடுமாறும். மீட்டர் 2 ஆம்பியர் அனுப்புவதில்லையே என்று கவலை வேண்டாம். உள்ளே காற்று மட்டும் இருக்கும்வரை L மின்னோட்டத்தைப் பொறுத்து மாறாது. இம்மியளவு மின்னோட்டத்தில் அளந்த L-ஐயே 2 ஆம்பியருக்கும் போடலாம்.

சுருளை வைக்கும் இடம் முக்கியம். இரும்பு மேசை, ஸ்டூல், டூல் பாக்ஸ் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது. சந்தேகமாக இருந்தால் மரப்பலகைமேல் வைத்துச் சுருளை அரை அடி தூக்கிப் பாருங்கள். அளவு மாறினால் ஏதோ உலோகம் தலையிடுகிறது என்று பொருள்.

சரி, இப்போது நான் ஏமாந்த கதை. முதல் தடவை செய்தபோது விட்டத்தைக் குழாயின் 40 மி.மீ. என்றே போட்டேன், கம்பியின் தடிமனைச் சேர்க்கவில்லை. முனை விளைவைப் பற்றியும் யோசிக்கவில்லை. பரப்பு 1.257 × 10⁻³ சதுர மீட்டர், L கணக்கில் 0.987 மில்லிஹென்றி வந்தது. மீட்டரும் அதை ஒட்டியே காட்டியது. முதல் முயற்சியிலேயே இவ்வளவு பொருத்தமா என்று ஒரே மகிழ்ச்சி. நோட்டில் இரண்டு கோடு போட்டு முடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். விட்டத்தை 0.8 மி.மீ. குறைத்துப் போட்டதால் பரப்பு 4 விழுக்காடு குறைந்தது. முனைகளை மறந்ததால் விடை 4 விழுக்காடு கூடியது. இரண்டு தவறும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. இந்தக் குழாய்க்கும் இந்தக் கம்பிக்கும் தற்செயலாக அமைந்த பொருத்தம் அது. வேறு கம்பி எடுத்திருந்தால் காட்டிக்கொடுத்திருக்கும்.

இதை உடைப்பதற்குத்தான் 250-வது சுற்றில் எடுத்த டேப்பிங். முழுச் சுருளை ஒருமுறை அளங்கள். பிறகு ஒரு முனைக்கும் டேப்பிங்குக்கும் இடையே அளங்கள், மற்றப் பாதியைத் திறந்தபடி விடுங்கள். அதில் மின்னோட்டம் ஓடாது என்பதால் அது இல்லாத மாதிரிதான். இப்போது நம்மிடம் 40 செ.மீ. சுருள் ஒன்று, 20 செ.மீ. சுருள் ஒன்று. இரண்டுக்கும் சுற்று நெருக்கம் ஒன்றே, ஆரம் ஒன்றே, முனைகளும் இரண்டிரண்டே. ஆகவே முனைகள் தின்னும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் முனைகள் அடிபட்டுப்போய், நடுவில் 20 செ.மீ. நீளத்துக்கு முனையே இல்லாத சுருளின் L மட்டும் மிஞ்சும்.

```
L(500) ≈ 0.984 mH
L(250) ≈ 0.472 mH
வித்தியாசம் = 0.512 mH

½ × 0.512 × 10⁻³ × 2² = 1.024 × 10⁻³ J
```

எதிர்ப்பக்கத்தில் 20 செ.மீ. நீளத்தின் கனஅளவை, புலத்திலிருந்து வந்த அடர்த்தியால் பெருக்குங்கள்:

```
3.927 × 1.307 × 10⁻³ × 0.20 = 1.027 × 10⁻³ J
```

அரை விழுக்காட்டுக்கும் குறைவான வித்தியாசம். மேலே உள்ள 0.984, 0.472 இரண்டும் இத்தகைய சுருளுக்குக் கணக்குப்படி வர வேண்டிய அளவுகள். உங்கள் சுற்று சற்றே தளர்ந்திருந்தால் நீளம் மாறும், எண்களும் மாறும், அதனால் உங்கள் நீளத்தையே போடுங்கள். மீட்டரின் பிழையையும் சேர்த்தால் ஒன்றிரண்டு விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனாலே நல்ல விடைதான். கழித்து எடுக்கும் எண்ணில் பிழை கொஞ்சம் பெருகும்.

என் பழைய 40 மி.மீ. விட்டத்தை இங்கே போட்டால் என்ன ஆகும்? வித்தியாசம் 0.493 மில்லிஹென்றியாக இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்லும், மீட்டரோ 0.512 காட்டும். கிட்டத்தட்ட 4 விழுக்காடு இடைவெளி. மறைந்திருந்த தவறு வெளியே வந்துவிட்டது, ஏனென்றால் அதை மூடிக்கொண்டிருந்த முனை விளைவை நாம் எடுத்துவிட்டோம். காலிபரை எடுத்துக் கம்பி சுற்றிய பிறகு இருக்கும் வெளிவிட்டத்தை அளந்து, அதிலிருந்து ஒரு கம்பித் தடிமனைக் கழித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

தாளில் செய்த சரிபார்ப்பில் இல்லாதது இங்கே இருக்கிறது. L இப்போது நம் சூத்திரத்திலிருந்து வரவில்லை, மீட்டரிலிருந்து வருகிறது. B-யோ கம்பியின் சுற்றெண்ணிக்கை, நீளம், மின்னோட்டத்திலிருந்து வருகிறது. இரண்டு பேரும் தனித்தனியாகச் சாட்சி சொல்கிறார்கள்.

உள்ளே இரும்பு வைத்தால்

குழாய்க்குள் இரும்புக் கம்பி நுழைத்துப் பார்க்க ஆசை வரும். L கூடுவதை மீட்டரில் பார்க்கலாம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அங்கே B²/2μ₀ செல்லாது. μ₀ இருந்த இடத்தில் பொருளின் உட்புகுதிறன் μ வர வேண்டும், அதுவும் μ மாறாமல் இருக்கும் எல்லைக்குள்தான். இரும்பில் μ புலத்தோடு சேர்ந்து மாறும், கொஞ்சம் ஆற்றல் காந்தத் தயக்கத்தில் வெப்பமாகவும் போகும். மீட்டர் சின்ன மின்னோட்டத்தில் காட்டிய L-ஐ 2 ஆம்பியருக்குப் போட்டால் தப்பாகிவிடும். μ பெரிதாக இருப்பதால், அதே B-க்கு இரும்பில் சேரும் ஆற்றல் காற்றில் சேர்வதைவிட மிகக் குறைவு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த கணக்கில் அது வேண்டும்.

இதே கணக்கு, 12.5 மீட்டர் சுருளில்

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் உள்ள சிஎம்எஸ் உணர்கருவியின் நடுவே ஒரு மீகடத்தி வரிச்சுருள் இருக்கிறது. நீளம் 12.5 மீட்டர், உள்விட்டம் சுமார் 6.3 மீட்டர், நான்கு அடுக்குகளாக 2168 சுற்றுகள். 4 டெஸ்லாவுக்காக வடிவமைத்தார்கள், அதற்கு ஆகும் மின்னோட்டம் 19,140 ஆம்பியர். சேரும் ஆற்றலாக வெளியிடப்பட்டுள்ள அளவு 2.6 ஜிகாஜூல். நம் சூத்திரம் என்ன சொல்கிறது?

```
B = 4π × 10⁻⁷ × 2168 × 19140 / 12.5 = 4.17 T
```

உண்மையில் 4 டெஸ்லா. நீளம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்குதான், அதை "நீண்ட" சுருள் என்று சொல்லவே முடியாது. இருந்தும் இவ்வளவு நெருங்குவதற்குக் காரணம், சுற்றிலும் உள்ள இரும்புக் கூடு. முனையில் வெளியேறும் புலத்துக்கு அது திரும்பும் பாதை போட்டுக் கொடுக்கிறது. நம் பிவிசி குழாய்க்கு அப்படி ஒரு வசதி இல்லை. இப்போது உண்மையான 4 டெஸ்லாவை வைத்து ஆற்றல்:

```
u = 4² / (2 × 4π × 10⁻⁷) = 6.37 × 10⁶ J/m³
V = π × 3.15² × 12.5 ≈ 390 m³
u V ≈ 2.5 × 10⁹ J
```

2.5 ஜிகாஜூல், வெளியிடப்பட்ட அளவைவிட 0.1 குறைவு. நான் போட்டது உள்விட்டத்தை. நான்கு அடுக்குச் சுற்றின் தடிமனுக்குள்ளும் புலம் இருக்கிறது, உள்பக்கம் 4 டெஸ்லாவில் தொடங்கி வெளிப்பக்கம் போகப் போகக் குறைகிறது. அங்கே உள்ள ஆற்றலை நான் எண்ணவே இல்லை. இரும்புக்குள் இருப்பது மேலே சொன்ன காரணத்தால் சொற்பம். பிவிசி குழாயில் 0.8 மி.மீ. செய்த அதே வேலையைத்தான் இங்கே சுருளின் தடிமன் செய்கிறது.